வாங்கிய குக்கரே ஏன் துரத்துகிறது?

"கடையில் குக்கர் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. எந்தச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் அதே குக்கர் விளம்பரம்! நான் பேசுவதை ஒட்டுக் கேட்கிறார்களா?"

ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை. வாங்குவதற்கு முன் அந்தக் குக்கரை இணையக் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்திலுள்ள சிறு நிரல் உங்கள் பிரவுசரில் குக்கி எனும் சிறு அடையாளக் கோப்பு ஒன்றை வைத்து, அதன் அடையாள எண்ணைப் 'பார்த்தார், வாங்கவில்லை' என்ற பட்டியலில் சேர்த்துவிடும்.

பிறகு செய்தித் தளத்தைத் திறந்ததும் அங்குள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. உங்கள் அடையாள எண், படிக்கும் பக்கம், தோராயமான இருப்பிடம் ஆகியவை பல நிறுவனங்களின் கணினிகளுக்குச் செல்கின்றன. அந்தப் பட்டியலை வைத்து உங்களை அடையாளம் காணும் கணினி கூடுதல் விலை கேட்டு வெல்கிறது. எல்லாம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

நீங்கள் நேரில் வாங்கியது அந்தக் குக்கிக்குத் தெரியாது. ஒருவருக்கு எத்தனை முறை காட்டலாம் என்ற வரம்பையும் விளம்பரதாரர் வைக்காவிட்டால் தொல்லை நீளும்.

எனக்குக் கோபம் தருவது வேறு: ஏலத்தில் தோற்றவர்களுக்கும் உங்கள் விவரம் போய்விடுகிறது. குக்கருக்குப் பதில் கருத்தரிப்புச் சிகிச்சையைத் தேடியிருந்தால்? வீட்டுக் கணினியில் அடுத்து உட்காருபவர் அந்த விளம்பரத்தைப் பார்க்கக்கூடும்.

பிரவுசர் அமைப்பில் குக்கிகளை அழித்து, நீங்கள் திறந்த தளம் அல்லாத பிறர் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுங்கள். விளம்பரம் வரும், ஆனால் பெரும்பாலும் இந்தக் குக்கராக இருக்காது. அந்தக் கடையில் உள்நுழைந்திருந்தால் மட்டும் இது முழுதாகப் பலிக்காது, வெளியேறிவிடுங்கள்.