படிக்காததாகவே விடுவதா, கொடி குத்தி வைப்பதா?

டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சரக்கு அனுமதி அலுவலகம் ஒன்றில், ஐந்தாறு பேர் சேர்ந்து திறக்கும் பொது மின்னஞ்சல் பெட்டியைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டு, வந்திருக்கும் கேள்விகளுக்கு விடை தருகிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கோவில் பொருளாளர்: ஐயா, கமிட்டியில் மூன்று பேர் ஒரே ஜிமெயில் கணக்கைத் திறக்கிறோம். செய்ய வேண்டியது இருந்தால் நான் மடலைப் பார்த்துவிட்டு மறுபடியும் படிக்காததாக மாற்றி வைப்பேன். காவடிக்குக் கூடாரம் போடுகிறவரின் மடல் அப்படியே தவறிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்டிருந்தார். சனிக்கிழமை கேட்டபோது வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். பிழை என்னுடையதா?

உங்கள் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். தடித்த எழுத்துக்கு உள்ள பொருள் ஒன்றுதான்: இந்த மடலை இன்னும் யாரும் திறக்கவில்லை. அதன் மேல் நீங்கள் "இதற்குப் பணம் கட்ட வேண்டும்" என்ற இன்னொரு பொருளை ஏற்றி வைத்தீர்கள். அந்தப் பொருள் உங்கள் மனதில் மட்டுமே இருந்தது. அன்றிரவு செயலாளர் வேறு எதையோ தேடி அந்த மடலைத் தொட்டிருப்பார், தடிப்பு போயிருக்கும். அவர் எதையும் அழிக்கவில்லை, ஆனாலும் உங்கள் குறிப்பு அழிந்துவிட்டது. ஒரே கணக்கில் ஒருவர் திறந்தால் மூவருக்கும் அது திறந்த மடல்தான்.

அதே மடலுக்கு நட்சத்திரம் இட்டிருந்தால், யார் எத்தனை முறை திறந்தாலும், ஒருவர் கையால் எடுக்கும் வரை அது நிற்கும். எனினும் நட்சத்திரத்துக்கு நாள் தெரியாது. நீங்கள் மட்டும் பார்க்கும் பெட்டியாக இருந்திருந்தால், `Snooze` என்பதை அழுத்தி வியாழன் காலை பத்து மணியைக் குறித்திருக்கலாம். மடல் அதுவரை கண்ணிலிருந்து விலகி, அந்த நேரத்தில் இன்பாக்ஸின் தலைமாட்டில் வந்து நிற்கும். வெள்ளியை விட்டு வியாழனை ஏன் சொல்கிறேன் என்றால், வேறு வங்கிக்குப் பணம் போய்ச் சேர ஒரு நாள் பிடிக்கலாம், கமிட்டித் தலைவரின் ஒப்புதலும் வாங்க வேண்டும். கெடு முடிகிற நேரத்துக்கு நினைவூட்டல் வைப்பவர்கள் மிகப் பலர். வேலையைத் தொடங்க வேண்டிய நேரத்துக்கு வைப்பதே பயன் தரும்.

வெருலத்திலிருந்து ஓர் அம்மா: படிக்காததாக வைத்தால் அனுப்பினவருக்கு நீல டிக் போகாது, அப்படித்தானே தம்பி? மகன் அனுப்புகிற வாட்சாப் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் வைக்கிறேன்.

நீங்கள் கேட்பது வேறு விஷயம் அம்மா, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திறந்த அந்தக் கணத்திலேயே நீல டிக் போய்விடுகிறது. பிறகு படிக்காததாக மாற்றினால் உங்கள் திரையில் ஒரு புள்ளி வருமே தவிர, மகனிடம் போனது திரும்பி வராது.

பீனிக்ஸில் தனியாகக் கணக்கு வேலை செய்பவர்: நான் அவுட்லுக்கில் கொடி போடுகிறேன். கொடி போட்டால் அந்த நாளில் மணி அடிக்கும் என்றுதான் இவ்வளவு காலம் நம்பியிருந்தேன். பதினைந்து கொடிகள் நிற்கின்றன, ஒன்றும் அடிக்கவில்லை.

நீங்கள் நம்பியதில் பாதி சரி. கொடிக்கு ஒரு நாள் உண்டு. அந்த நாள் கடந்தால் பட்டியலில் அந்த வரி சிவப்பாக மாறும். ஆனால் மணி என்பது தனி ஏற்பாடு. பழைய மேசைக்கணினி அவுட்லுக்கில் கொடியின் மேல் வலப்பக்கம் சொடுக்கி `Add Reminder...` என்பதைத் தேர்ந்து, நாளையும் நேரத்தையும் நீங்களே கொடுத்தால்தான் அடிக்கும். அப்போதும் அவுட்லுக் திறந்திருக்க வேண்டும். வெறுமனே ஒருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் "இன்று" என்ற கொடிதான் விழுகிறது. பதினைந்து மடலுக்கும் "இன்று" என்றால், மறுநாளே பதினைந்தும் சிவப்பாகிவிடும். எல்லாம் சிவப்பானபின் கண் எதையும் பார்ப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு கப்பலின் ஆவணம் அப்படிச் சிவப்புக்குள் சிவப்பாகக் கிடந்து, கிடங்கு வாடகை ஏறிய பிறகே கண்ணில் பட்டது. அந்தக் கொடியைப் போட்டவன் நான்தான். இன்று மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு கொடிக்கும் உண்மையான நாள் ஒன்று கொடுங்கள். நாள் சொல்ல முடியாதவற்றின் கொடியைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். `File`, `Options`, `Mail` வழியாக `Reading Pane...` பொத்தானை அழுத்தினால், `Mark item as read when selection changes` என்ற வரி பொதுவாகத் தேர்வு செய்யப்பட்டே இருக்கும். அம்புக்குறியால் அடுத்த மடலுக்கு இறங்கினாலே முந்தையது படித்ததாகிவிடுவது இதனால்தான். படிக்காத குறியை நம்புகிறவர்கள் இதையாவது எடுத்துவிட வேண்டும்.

டர்பனில் மின்னஞ்சல் சேவையகங்களைப் பராமரிப்பவர்: ஐமேப் என்ற மின்னஞ்சல் முறையில், படித்ததைக் காட்டும் `\Seen`, நட்சத்திரத்தையோ கொடியையோ காட்டும் `\Flagged` இரண்டும் தனித்தனியாகச் சேவையகத்திலேயே பதிவாவதால் நீங்கள் முதலில் சொன்னது சரி. ஆனால் அந்த `\Flagged` குறிக்குள் நாளுக்கு இடமே இல்லை. ஒரு செயலியில் கொடுத்த நாள் மற்றொன்றுக்கு வராது. அதோடு, பொதுப் பெட்டியில் `Snooze` ஆபத்து. ஒருவர் மறைத்தால் மூவருக்கும் மறைந்துவிடுமே?

இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். கைபேசியில் ஒரு செயலி, கணினியில் வேறொன்று வைத்திருப்பவர்கள் நட்சத்திரம் மட்டுமே இரண்டிலும் தெரியும் என்று எண்ணி, தேதியை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. `Snooze` பற்றி நீங்கள் சொல்வதால்தான் நான் பொருளாளருக்குத் தனிப் பெட்டி என்று வரம்பு வைத்தேன். மூவர் பார்க்கும் பெட்டியில் மடலை மறைக்காமல் நட்சத்திரம் இட்டு, அதை ஏற்றவரின் பெயரில் ஒரு லேபிள் சேர்த்து, தேதியை அவர் தம் காலண்டரில் எழுதுவதே எனக்குத் தெரிந்த வழி. ஆனால் ஏற்றவர் ஊரில் இல்லாதபோது அந்த நாள் மற்ற இருவருக்கும் தெரியாமல் போகிறது. பொதுக் காலண்டர் வைத்தால் தீரும் என்பார்கள். கோவில் கமிட்டியில் அதை யார் தினமும் திறப்பார் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் ஆசிரியை: நான் இருபது ஆண்டுகளாகப் படிக்காததாகத்தான் விடுகிறேன், எதுவும் தவறியதில்லை. என்னை ஏன் மாறச் சொல்கிறீர்கள்?

உங்களை மாறச் சொல்லவில்லை, அம்மா. பெட்டியை நீங்கள் ஒருவரே திறந்து, அன்றன்றைக்கே பதிலும் எழுதி முடித்துவிடுகிறீர்கள் என்றால், படிக்காத குறி போதும். கொடி கூடுதல் வேலைதான். ஒரு சோதனை மட்டும் செய்து பாருங்கள். ஜிமெயில் தேடல் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
is:unread older_than:7d
```

வருகிற பட்டியலில் விளம்பரங்களைத் தள்ளிவிட்டு, நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை திறந்து பார்த்த நினைவுள்ளவற்றை மட்டும் படியுங்கள். அவற்றில் கெடு தாண்டிய மடல் ஒன்று கூட இல்லையென்றால் உங்கள் முறை உங்களுக்குச் சரி. ஒன்று இருந்தாலும், அதற்குப் பதில் எழுதியபின் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.