சரிவை எங்கிருந்து அளப்பது?

அன்புள்ள ஐயா,

நான் சேர்ந்தபோது ஃபண்டின் யூனிட் விலை 100. பிறகு 140 வரை ஏறி, 90-க்கு இறங்கி, 120-க்கு வந்து, 70-க்கு விழுந்தது. இப்போது 105. அறிக்கையில் 'மேக்ஸிமம் டிராடவுன் 50%' என்று போட்டிருக்கிறார்கள். 100 எழுபதானால் 30%தானே? அப்படியே 50% விழுந்திருந்தாலும், 50% ஏறினால் சரியாகிவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

அறிக்கையில் இருப்பது சரி. 30% என்பது நீங்கள் வாங்கிய விலையிலிருந்து கண்ட நஷ்டம். டிராடவுன் என்பது உச்சத்திலிருந்து கண்ட சரிவு; அதற்கு நீங்கள் வாங்கிய விலை தெரியாது. அதுவரை தொட்ட உச்சம்தான் அதற்குக் கணக்கு.

உங்கள் எண்களின் மேல் விரலை வைத்து நகர்த்துங்கள். உச்சம் 140. அங்கிருந்து 90 வந்தபோது சரிவு சுமார் 36%. அடுத்து 120. பலரும் தவறுவது இங்கேதான்: 120-ஐப் புது உச்சமாக எடுத்துக்கொண்டு, 70-க்கு விழுந்ததைத் தனிச் சரிவாக 42% என்று எழுதிவிடுகிறார்கள். 140-ஐத் தாண்டும்வரை உச்சம் 140தான். ஆகவே 70-ல் சரிவு சரிபாதி. இன்று 105-ல் அது 25%ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் மேக்ஸிமம் டிராடவுன் என்பது இதுவரை கண்ட ஆழம் என்பதால் 50% அப்படியே நிற்கும்.

இரண்டாவது கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 70-லிருந்து 50% ஏறினால் 35 கூடி 105. இன்று நீங்கள் நிற்கும் இடம் அதுதான், 140 இல்லை. விழும்போது பாதி என்றது 140-ல் பாதி. ஏறும்போது கையில் இருப்பது 70. தேவைப்படுவதும் இன்னொரு 70. அதனால்தான் 50% சரிவிலிருந்து மீள 100% ஏற வேண்டும். சரிவின் பின்னம் d என்றால், மீளத் தேவையான ஏற்றம் d / (1 − d). 10% சரிவுக்கு 11% போதும், 20%-க்கு 25%. 80% விழுந்தால் 400% ஏற வேண்டும். ஆழம் கூடக் கூட ஏற்றம் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது பாருங்கள்.

அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீடு 2007 அக்டோபர் 9 அன்று 1565-ல் முடிந்தது; 2009 மார்ச் 9 அன்று 676.5. ஏறக்குறைய 57% சரிவு. அடியிலிருந்து இரட்டிப்பாகி 1353-க்கு வந்தபோதும் பழைய உச்சத்துக்கு 200 புள்ளிகளுக்கு மேல் பாக்கி இருந்தது. 2013 மார்ச் கடைசியில்தான் அதைத் தாண்டியது. அடிமட்டத்தைத் தொட்டபின் 4 ஆண்டுகள்! ஓராண்டில் பணம் தேவைப்படுகிறவர் அதுவரை எப்படிக் காத்திருப்பார்? சரிவின் ஆழத்தோடு மீண்ட காலத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

அறிக்கையில் இன்னும் இரண்டைப் பாருங்கள். மாதக் கடைசி விலைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால், மாத நடுவில் விழுந்து எழுந்த சரிவு அதில் தெரியாது. தினசரி விலையில் கணக்கிட்டதா என்று கேளுங்கள். கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது மற்றொன்று. 2010-ல் தொடங்கிய ஃபண்டின் எண்ணில் 2008-ன் சரிவு இருக்காது.