நெற்றிப் பளபளப்பை அழிக்காமல் மங்கவைப்பது

“சாட்ஸ்வர்த்தில் நடந்த திருமணத்தில் அக்காவை ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவியதுபோல் மின்னுகின்றன. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சரிசெய்தால் முகம் தட்டையாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?”

வணக்கம். அந்த வெளிச்சத்தை முழுவதும் எடுத்துவிடாதீர்கள். மூக்குத்தண்டு மேடாக இருப்பதைக் கண்ணுக்குக் காட்டுவதே அதுதான்.

படத்தின் மேல் வெற்று லேயர் ஒன்றைச் சேர்த்து, Mode பட்டியலில் Darken only என்பதைத் தேர்ந்தெடுங்கள். மினுமினுப்பின் ஓரத்தில் உள்ள இயல்பான தோலிலிருந்து நிறம் எடுத்து, விளிம்பு மென்மையான தூரிகையால் பூசுங்கள். பூசும் நிறத்தைவிட வெளிறிய புள்ளிகள் மட்டுமே மாறும். அதைவிடக் கருமையான தோல்துளைகளும் புருவமும் அப்படியே இருக்கும். மூக்குக்குத் தனியாக நிறம் எடுங்கள். நெற்றி நிறம் அங்கே ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். பூசி முடித்ததும் Opacity அளவை 40 வரை இறக்குங்கள்.

டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் எடுத்த என் பெரியம்மாவின் படத்தில் 70 வைத்தேன். நெற்றி சுவர்போல் ஆகிவிட்டது. 35-இல் வளைவு திரும்பியது. ஆனால் தூரிகை பட்டுத் திருநீற்றுக் கீற்றும் மங்கியிருந்தது. அந்த இடத்தை மட்டும் அழிப்பானால் துடைத்தபின்தான் அவர் முகமாக இருந்தது. நீங்களும் திருநீற்றை விலக்கிப் பூசுங்கள்.

முற்றிலும் வெளுத்த இடத்தில் மீட்பதற்குத் தோல் விவரம் இருக்காது. அங்கே அதிகம் பூசினால் சாந்து அப்பியதுபோல் தெரியும். கேமரா பதிந்த மூலப்படமான ரா கோப்பு இருந்தால் முதலில் அதில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள்.