நீண்ட நடைமுறைக் கோவை, ஒரு பக்கப் பட்டியல்: வாசகர் கேள்விகள்

சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்துகிறேன். நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பதினெட்டுப் பக்கத்தில் நடைமுறைக் கோவை இருக்கிறது. ஊழியர் எவரும் அதைத் திறப்பதில்லை. எப்படிச் சுருக்குவது?

கோவையை வைத்துக்கொண்டு மேசையில் உட்காராதீர்கள். காலையில் அடுப்பு மூட்டுபவரின் பக்கத்தில் நின்று, அவர் கை எதைத் தொடுகிறது, கண் எதைப் பார்க்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு கோவையோடு ஒப்பிடுங்கள். நோக்கம், வரையறை, பொறுப்பாளர் விவரம் எல்லாம் கோவையிலேயே இருக்கட்டும். பட்டியலுக்கு அவை வேண்டாம்.

"இயக்குமுன் நீர்மட்டம் உறுதிப்படுத்தப்படல் வேண்டும்" என்று கோவை சொல்லும். யார், எதைப் பார்த்து உறுதிப்படுத்துவது? நீர்மட்டக் கண்ணாடி காலியாக இருந்தாலும் முழுக்க நிரம்பியிருந்தாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். அதனால் அந்த ஒற்றை வாக்கியம் பட்டியலில் மூன்று படிகளாக விரிய வேண்டும்:

1. கண்ணாடியில் நீரின் மேல்விளிம்பு தெரிகிறதா, குறியிட்ட கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கவும்.
2. கண்ணாடியின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றி மூடவும். சுடுநீர் தெறிக்கலாம், முகத்தை விலக்கிக்கொள்ளவும்.
3. நீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் உள்ளே அடைப்பு இருக்கிறது. கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்ப முடியாது. அடுப்பை மூட்டாமல் மேற்பார்வையாளரை அழைக்கவும்.

சுருக்குவதென்றால் எல்லாவற்றையும் குறுக்குவதல்ல என்பதைக் கவனித்தீர்களா? பதினெட்டுப் பக்கத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்த ஒரு வரி மட்டும் நீளும்.

அதே ஆலைக்காரர்: எந்த எச்சரிக்கையைப் பெரிதாகப் போடுவது? எல்லாமே ஆபத்தாகத்தானே தெரிகிறது?

ஊழியரின் கை இயல்பாக எதைச் செய்யப் போகுமோ, அதுவே ஆளைக் கொல்லும் இடங்களைத் தேடுங்கள். 'சூடாக இருக்கும்' என்று எழுதத் தேவையில்லை. சூடு தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்.

வேலை நடுவே கண்ணாடியில் நீரே தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் குறைந்தால் நீரை விடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் நீர் வற்றி அளவுக்கு மீறிக் காய்ந்த இரும்பில் புதுநீர் பட்டால், அது நொடியில் ஆவியாகி அழுத்தம் எகிறும், இரும்பும் வெடிக்கலாம். எனவே எச்சரிக்கை இப்படி இருக்க வேண்டும்:

நீர் தெரியவில்லையா? நீர் விடாதே. பம்பியை நிறுத்து. உமி போடுவதையும் ஊதியையும் நிறுத்து. எல்லோரையும் விலக்கு. மேற்பார்வையாளரை அழை.

'கவனம்!' என்று மட்டும் எழுதுவது எச்சரிக்கையாகாது. என்ன செய்யக்கூடாது, பதிலாக என்ன செய்வது, இரண்டும் வேண்டும். இது எந்த நேரமும் நேரக்கூடியது என்பதால் பட்டியலின் ஒரு படிக்குள் அடங்காது. கண்ணாடிக்கு அருகில், அதைப் பார்ப்பவர் கண்ணில் படும்படி தனியாக ஒட்டுங்கள்.

பாசிக்குடாவில் ஹோட்டல் ஒன்றின் நீச்சல்குளப் பொறுப்பாளர். எங்கள் பட்டியலில் இருபது எச்சரிக்கைகள், அத்தனையும் சிவப்பில். யாரும் கவனிப்பதில்லை.

இருபதும் சிவப்பென்றால் ஒன்றும் சிவப்பில்லை. உங்களுக்கு இரண்டு போதும். குளோரின் தூளின் மேல் தண்ணீர் ஊற்றாதே. வாளித் தண்ணீரில் தூளைப் போடு. தூளையும் அமிலத்தையும் ஒரே வாளியிலோ அகப்பையிலோ கலக்காதே. நச்சு வாயு கிளம்பும். கரைப்பதற்குத் தூளின் மேல் தண்ணீர் ஊற்றுவதும், ஒரே அகப்பையை இரண்டுக்கும் எடுப்பதும் கை பழகிய பழக்கங்கள். அதனால்தான் இவை இரண்டும். மற்றவை சாதாரணப் படிகளாகவே இருக்கட்டும்.

எச்சரிக்கையைப் படிக்கு முன்னால் எழுதுங்கள். "தூளை வாளியில் போடவும்" என்ற வரிக்குக் கீழே எச்சரிக்கை இருந்தால், அதைப் படிக்கும்போது வேலை முடிந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். பிரதி எடுத்தால் சிவப்பும் கறுப்புதான்; தடித்த கட்டம் போடுங்கள்.

மீண்டும் ஆலைக்காரர்: எங்கள் ஊழியர் மாலையில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் ஒரே மூச்சில் சரி போட்டுவிடுகிறார்.

சரி போடும் கட்டத்தை எடுத்துவிட்டு எண் எழுதும் கட்டம் வையுங்கள்: அழுத்தமானி காட்டியது எவ்வளவு, எத்தனை மணிக்கு. நாள் முழுவதும் ஒரே எண்ணும் வரிசையான நேரங்களும் இருந்தால் கதை தெரிந்துவிடும். எண் எழுத இயலாத படிகள் சிலவே இருக்கும். அவற்றுக்கு மட்டும் சரி.

தமிழும் சிங்களமும் பேசும் ஊழியர் கலந்திருக்கிறார்கள். இரண்டு தாளா, ஒரே தாளா?

இரண்டு தாள், ஒரே படி எண்கள். "நான்காம் படியில் நிற்கிறேன்" என்றால் இருவருக்கும் அது ஒரே திருகாக இருக்க வேண்டும். கோவையில் ஒரு படி மாறினால் இரண்டு தாளையும் ஒரே நாளில் மாற்றி, பழையவற்றைக் கிழித்துவிடுங்கள்.