பட்டை சின்னதா இருந்தா பிரஷர் பெருசா காட்டும்: கேள்வி பதில்

அக்கா, அப்பாவுக்கு வீட்ல 152/94. கிளினிக்ல 138/86. மெஷின் கோளாறா?

முதல்ல தையல் டேப்பை எடுங்க. தோள் எலும்பு நுனிக்கும் முழங்கைக்கும் நடுவுல, கையைத் தொங்கவிட்டு, சுற்றளவு பாருங்க. மெஷினோட வர்ற பட்டையில எந்தச் சுற்றளவுக்குன்னு அச்சடிச்சிருக்கும். அந்த ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க.

அளந்தேன். கை 35 செ.மீ. பட்டையில 22–32.

சிக்கல் அங்கேதான். சின்னப் பட்டை பெரிய கையைச் சரியா வளைக்காது. உள்ளே ரத்தக்குழாயை அமுக்கக் கூடுதல் அழுத்தம் ஏத்தணும், அது எண்ணுல வந்துடும். அதே மாடலுக்கான பெரிய பட்டை தனியா கிடைக்கும், அதையே வாங்குங்க. வேற கம்பெனி பட்டை வேண்டாம்.

ஆனா 14 புள்ளி வித்தியாசமும் பட்டையாலதான்னு சொல்ல மாட்டேன். அப்பா எப்படி உட்கார்றார்? கை மடியில கிடந்தாலும் ஏறும். பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தா சுமார் 7, 8 கூடும். கையை மேஜைமேல வைங்க, உயரம் போதலைன்னா தலையணை கொடுங்க. முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில படணும், கால்மேல கால் வேண்டாம். பாத்ரூம் போயிட்டு வந்து 5 நிமிஷம் சும்மா உட்காரட்டும். காபி குடிச்சு அரை மணி ஆகியிருக்கணும். அளக்கும்போது யாரும் அவர்கிட்ட பேசாதீங்க.

முதல் ரீடிங் எப்பவும் தப்புதானே? நான் அழிச்சிடுவேன்.

பாதி சரி. முதல் ரீடிங் பலருக்கு ஏறித்தான் வரும். அதுக்காக அழிக்காதீங்க. ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு எடுத்து ரெண்டையும் எழுதுங்க.

அப்போ முதல் நாள் முழுசையும் விட்டுடணும்னு எங்க டாக்டர் சொன்னது?

அதுவும் ஒரு முறை. 7 நாள் அளந்து, முதல் நாளை விட்டுட்டு மீதி 6 நாள் சராசரி பார்ப்பவங்க உண்டு, எல்லாத்தையும் சேர்ப்பவங்களும் உண்டு. உங்க டாக்டர் சொல்றபடி கணக்குப் போடுங்க. நோட்டுல மட்டும் எல்லா எண்ணும் இருக்கட்டும்.

என் மாமியாருக்கு மணிக்கட்டு மெஷின். 118 காட்டுது. மாத்திரையை நிறுத்தலாமா?

டாக்டரைக் கேட்காம எதையும் நிறுத்தாதீங்க. மேல்கை மெஷின்ல பாருங்க.

பட்டையைக் கொஞ்சம் லூசா கட்டினா சின்னதே போதாதா?

போதாது. லூசா இருந்தாலும் எண் ஏறும். பட்டை பத்தி மேலே விவரமா எழுதியிருக்கேன், படிங்க.

அக்கா, பெரிய பட்டை வந்துடுச்சு. காலையில 141/87, 138/85. சாயங்காலம் 144/88, 140/86.

நல்ல வித்தியாசம். தேதி, நேரம், நாடித்துடிப்பு சேர்த்து எழுதுங்க. காலையில மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, 7 நாள். 138-ஐ 140-ன்னு முழுசாக்க வேண்டாம். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதுக்கு மேலன்னா கூடுதல்தான், நோட்டோட டாக்டரைப் பாருங்க. 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போறது இருந்தா, நோட்டை மூடிட்டு 108-ஐ கூப்பிடுங்க.

கையில பட்டை கட்டினதும் அப்பா கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறார்!

ஓவர் முடியட்டும், அப்புறம் டிவியை அணைச்சுட்டு அளங்க.