வயிறு எங்கே போச்சு? குழந்தை ஓவியம்: கேள்வி பதில்

என் மகனுக்கு மூன்றரை வயது. ஆள் வரைந்தால் ஒரு வட்டம், அதிலிருந்தே நேராக இரண்டு கால். உடம்பே இல்லை. டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

இதற்காக வேண்டாம். மூன்று, நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஆளை இப்படித்தான் வரையத் தொடங்குகிறார்கள். பார்க்கத் தலைப்பிரட்டை போல இருக்கும். வயிறு இருப்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவான். ஒன்று செய்து பாருங்கள்: “இவருக்குத் தொப்புள் வைக்கலாமா?” என்று கேளுங்கள். சிலர் வட்டத்துக்குள்ளே, வாய்க்குக் கீழே வைப்பார்கள். சிலர் இரண்டு கால்களுக்கு நடுவே வைப்பார்கள். முதல் வகைக்கு அந்த வட்டமே தலையும் உடம்பும். இரண்டாம் வகைக்குக் கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் வயிறு, சுற்றிக் கோடு மட்டும் போடவில்லை. உடம்பை ஏன் தனியாக வரைவதில்லை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை.

என் மகள் எல்லாவற்றையும் கறுப்பில்தான் வரைகிறாள். கறுப்பு என்றால் மனதில் துக்கம் என்று படித்தேன். சரிதானே?

மனதில் இருப்பது படத்தில் வரலாம், அது சரி. நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வதுதான் தப்பு. வெள்ளைத்தாளில் கறுப்புதான் பளிச்சென்று தெரியும். என் வகுப்பில் ஒருத்தி இரண்டு வாரம் பழுப்பைத் தவிர எதையும் தொடவில்லை. கடைசியில் டப்பாவைத் திறந்து பார்த்தால், மற்ற கிரேயான்கள் எல்லாம் உடைந்து துண்டு துண்டாகக் கிடந்தன! தூக்கம், சாப்பாடு, விளையாட்டு இவையும் சேர்ந்து மாறி, அதே பயம் படத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் ஒருவரிடம் பேசுங்கள்.

என் பையனுக்கு ஐந்து வயது. உடம்பு, கழுத்து எல்லாம் நானே வரைந்து காட்டினேன். இப்போது பென்சிலைக்கூடத் தொடாமல் “நீயே வரைஞ்சு குடு” என்கிறான். நல்ல ஓவிய வகுப்பு எது?

வகுப்பு இருக்கட்டும். உங்கள் கோடு நேராக இருக்கிறது, தன்னுடையது கோணலாக இருக்கிறது என்று அவன் கண்டுகொண்டான், அவ்வளவுதான். கொஞ்ச நாள் அவனுக்காக வரைவதை நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சும்மா கிறுக்குங்கள். அவன் எதையாவது போட்டால் “இது என்ன?” என்று கேட்க வேண்டாம், அது பரீட்சை மாதிரி. “சூப்பர்” என்றாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “இந்தக் கோடு தாளின் ஓரம் வரை ஓடுதே!” என்று கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கதை தானாக வரும். அவன் சொன்னதை அப்படியே தேதி போட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

அப்படியானால் ஐந்து வயதிலும் தலைப்பிரட்டை வரைந்தால் மந்தம் என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லையே! 1926-இல் புளோரன்ஸ் குட்எனஃப் என்பவர், குழந்தை வரைந்த மனிதனில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று எண்ணி அறிவை அளக்க ஒரு சோதனை கொண்டுவந்தார். அறிவை அளக்க அது நம்பகமான கருவி அல்ல என்று பின்னால் நிறையப் பேர் காட்டிவிட்டார்கள். வரைந்து பழகாத பிள்ளைக்கு அதில் மதிப்பெண் குறையத்தானே செய்யும்?

முதல் கேள்வி கேட்டது நான்தான். தொப்புள் கேட்டேன். நெற்றியில் வைத்தான்.

அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை! ஏன் அங்கே என்று அவனிடமே கேட்டீர்களா?