ரியாக்டர் வெப்பநிலைக்குக் கேஸ்கேட்: உள்வளையத்தை முதலில் செட் செய்யுங்கள்

கேள்வி: எங்களிடம் 3,000 லிட்டர் கண்ணாடிப் பூச்சு ரியாக்டர் இருக்கிறது. ஜாக்கெட்டில் சுடுநீர் சுற்றுகிறது, அதை நீராவி எக்ஸ்சேஞ்சர் சூடாக்குகிறது. பக்கத்து டிரையர் ஓடத் தொடங்கினால் நீராவி அழுத்தம் 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கிவிடும். அதற்காகக் கேஸ்கேட் போட்டோம்: ரியாக்டர் வெப்பநிலையைப் பார்க்கும் வெளிக் கன்ட்ரோலர், ஜாக்கெட்டின் செட் பாயின்டைக் கொடுக்கிறது; உள் கன்ட்ரோலர் அதற்கேற்ப நீராவி வால்வை நகர்த்துகிறது. ஆனால் இப்போது ஜாக்கெட், ரியாக்டர் இரண்டுமே ஊசலாடுகின்றன. எந்த எண்ணை மாற்றுவது?

பதில்: பழைய ஒற்றை வளையத்தின் பி.ஐ.டி. எண்களை வெளிக் கன்ட்ரோலரில் அப்படியே விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். முன்பு அதன் அவுட்புட் 1% மாறினால் வால்வு 1% நகர்ந்தது. இப்போது அதே 1%, ஜாக்கெட்டின் செட் பாயின்டை நகர்த்துகிறது. டிரான்ஸ்மிட்டர் ரேஞ்ச் 0–150 டிகிரி என்றால் அது 1.5 டிகிரி. அர்த்தமே மாறிவிட்டதால் பழைய எண்களுக்கு இனி மதிப்பில்லை.

வெளிக் கன்ட்ரோலரை மேனுவலில் வைத்துவிட்டு, உள்வளையத்திலிருந்து தொடங்குங்கள். உள் கன்ட்ரோலரையும் மேனுவலுக்கு மாற்றி, ஜாக்கெட் நிலையாக இருக்கும்போது வால்வை 40%-இலிருந்து 45%-க்குத் திறந்து டிரெண்டைப் பாருங்கள். 10 வினாடி தாமதத்துக்குப் பின் ஜாக்கெட் ஏறத் தொடங்கி, 6 டிகிரி கூடி நின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்தில் 63%-ஐத் தொட, ஏறத் தொடங்கியதிலிருந்து 90 வினாடி ஆனது. 150 டிகிரி ரேஞ்சில் 6 டிகிரி என்பது 4%. எனவே K = 4/5 = 0.8.

```
Kc = T / (K × (λ + θ)) = 90 / (0.8 × (30 + 10)) ≈ 2.8
Ti = T = 90 s
```

இங்கே Kc கன்ட்ரோலரின் கெயின், Ti இன்டக்ரல் நேரம், T அந்த 63%-ஐத் தொட ஆன காலம், θ தாமதம், λ எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுப்பது; இங்கே 30 வினாடி. டெரிவேட்டிவ் வேண்டாம், அது சென்சார் இரைச்சலைப் பெருக்கி வால்வைத் தேய்த்துவிடும்.

உள்வளையம் ஆட்டோவில் சரியாக ஓடிய பிறகு வெளிவளையத்துக்கு வாருங்கள். 3,000 கிலோ தண்ணீர் போன்ற திரவம், 9 சதுர மீட்டர் பரப்பு, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 300 வாட் வெப்பக் கடத்தல் என்று எடுத்தால், ரியாக்டரின் காலம் சுமார் 77 நிமிடம். ஜாக்கெட்டுக்கோ ஒன்றரை நிமிடம்தான். உள்வளையம் குறைந்தது 3 முதல் 5 மடங்கு வேகமாக இருந்தால் போதும். உங்களுக்கு 50 மடங்கு இருக்கிறது. அழுத்தம் இறங்கி ஜாக்கெட் 3 டிகிரி குறைந்து, இரண்டு நிமிடத்தில் மீண்டால், ரியாக்டருக்குப் போய்ச் சேர்வது 3 × 2 / 77, அதாவது 0.1 டிகிரிக்கும் குறைவு. கேஸ்கேட் போடுவதே இதற்காகத்தான்.

வெளிவளையத்தில் K கிட்டத்தட்ட 1, தாமதம் 3 நிமிடம். λ-வை 12 நிமிடமாக வைத்தால் Kc = 77 / 15 ≈ 5. Ti-க்கு 77 நிமிடத்தை அப்படியே போட்டால் தொந்தரவிலிருந்து மீள நேரமாகும்; 4 × (λ + θ) = 60 நிமிடம் போதும்.

இரண்டு அமைப்புகளைத் தவறாமல் சரிபாருங்கள். ஒன்று, வெளி அவுட்புட்டுக்கு உச்சவரம்பு. ஜாக்கெட் 95 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால் அது 63%. சூடேற்றும்போது அவுட்புட் இந்த வரம்பில் முட்டி நிற்கும். அப்போது இன்டக்ரலும் நிற்காவிட்டால், ரியாக்டரின் செட் பாயின்ட் 80 டிகிரி என்றால் அதைத் தாண்டிப் போய்விடும். மற்றொன்று, டிராக்கிங். ஆபரேட்டர் உள்வளையத்தைத் தனியாக ஆட்டோவில் ஓட்டும் நேரத்தில், வெளி அவுட்புட் உள்வளையத்தின் செட் பாயின்டைப் பின்தொடர வேண்டும். இல்லையென்றால் கேஸ்கேடுக்குத் திரும்பிய நொடியில் ஜாக்கெட்டின் செட் பாயின்ட் எகிறிக் குதிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஊசல் இருந்தால், வெளிக் கன்ட்ரோலரை மேனுவலில் போடுங்கள். ஊசல் நின்றால் வெளி கெயின் அதிகம், குறையுங்கள். நிற்காவிட்டால் உள் கன்ட்ரோலரையும் மேனுவலுக்கு மாற்றுங்கள். இப்போது நின்றால் உள் டியூனிங் அல்லது ஒட்டிக்கொள்ளும் வால்வு. அவுட்புட் ரம்பப்பல்லாக ஏறி இறங்க, ஜாக்கெட் சதுர அலைபோலத் தாவினால் வால்வுதான். பேக்கிங்கைப் பாருங்கள், எண்களை மாற்றிப் பயனில்லை. இரண்டும் மேனுவலில் இருந்தும் ஊசல் தொடர்ந்தால், அது நீராவியிலிருந்தே வருகிறது.

ஒரு எல்லையும் உண்டு. 30 டிகிரியில் 200 கிலோ மூலப்பொருளை உள்ளே விட்டால் ரியாக்டர் ஏறக்குறைய 3 டிகிரி இறங்கும். ஜாக்கெட்டில் இது உடனே தெரியாது. உள்வளையம் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்குப் பொருளை மெதுவாக விடுங்கள், அல்லது விடத் தொடங்கும் அதே நேரத்தில் ஜாக்கெட் செட் பாயின்டில் சில டிகிரியைக் கூட்டும் ஃபீட்ஃபார்வர்டு சேருங்கள்.